வாய்க்காலில் தள்ளியவள்

திருவண்ணாமலையில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், தீக்காயம் என்றால் மூலைக் கட்டில்தான். யார் போட்ட சட்டமோ, எழுபதுகளின் கடைசியில் நான் மாற்றலாகி வந்தபோதே அது இருந்தது. கட்டிலைச் சுற்றி ஒரு பச்சைத் திரை. திரைக்குள் போன பெண்ணைப் பற்றி எல்லாரும் இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "பாவம், நல்ல பொண்ணு, சின்ன வயசு." அடப்பாவிகளா, அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் காதில் விழுகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வாய் நீளம். என் அம்மா சொன்னது, கூட வேலை பார்த்தவர்கள் சொன்னது, கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவரும் சொன்னது. சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற பெண் பிழைத்திருக்க மாட்டாள். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

அவள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தாள். ஒரு விவசாயக் குடும்பத்தின் சின்ன மருமகள், கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். கிணற்று மேட்டில் அண்டா வைத்து நெல் அவித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பில் தள்ளிய மல்லாட்டைத் தோல், வேர்க்கடலைத் தோல்தான், குபீரென்று பற்றி, நைலக்ஸ் புடவை முந்தானையைப் பிடித்துவிட்டது. அந்தப் புடவை அப்போது எல்லாருக்கும் பெருமை. தீ பட்டால் அது சாம்பலாகாது, உருகி உடம்போடு ஒட்டும்.

பக்கத்தில் இருந்தது ஓர்ப்படி, அதாவது கணவனின் அண்ணன் மனைவி. பெரிய மருமகள். அவள் கையாலேயே தீயை அடித்தாள், அடித்தும் அணையாமல் சின்னவளை இழுத்து, பம்புசெட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் ஒரே தள்ளாகத் தள்ளினாள். தள்ளியதோடு விடவில்லை. கழுத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரிலேயே அவளைக் கிடத்தி வைத்தாள். சின்னவள் அலறியும் விடவில்லை, மாமியார் வந்து மயிரைப் பிடித்து இழுத்தும் விடவில்லை.

மாமியார் ஏன் இழுத்தாள்? நெருப்புப் பட்ட உடம்பில் தண்ணீர் பட்டால் சூடு உள்ளே இறங்கிவிடும், கொப்புளம் கண்டுவிடும், ஜன்னி வரும். அந்த ஊர் நம்பிக்கை அது. அந்த ஊர் மட்டுமா, அன்று எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அதைத்தான் சொல்வார்கள். எனவே பெரியவளைப் பிய்த்து எறிந்துவிட்டு, வெளியே தூக்கிக் கிடத்தி, முறைப்படி வைத்தியம் செய்தார்கள். கையில் தோசை மாவு. மார்பிலும் வயிற்றிலும், வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையனின் மசிப் புட்டி முழுவதும். பிறகு யாரோ மந்திரித்தார்கள். பிறகு மாட்டு வண்டி, பிறகு பஸ். எங்களிடம் வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

நீலமும் வெள்ளையுமாக வந்த அந்த உடம்பைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம்தான். தீக்காயத்தின் ஆழத்தை நாங்கள் கண்ணால்தான் படிக்க வேண்டும். நிறம்தான் எழுத்து. எழுத்தின் மேல் மசியைக் கொட்டிக் கொண்டுவந்தால் எதை வைத்துப் படிப்பது?

ஆயா மூலைக் கட்டிலின் திரையை இழுத்தாள். "அங்க வேணாம்," என்றேன். "என் மேஜைக்கு எதுத்தாப்ல போடு."

"சிஸ்டர், தீப்புண்ணு கேஸு."

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு. இங்க போடு."

டியூட்டி டாக்டர் ஒரு நடுத்தர வயசுக்காரர், அதிகம் பேசாதவர், ஆனால் வேலையில் கெட்டி. வந்ததும் முகத்தைத்தான் பார்த்தார். மூக்கு மயிர் கருகியிருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, தொண்டைக்குள் கரி இருக்கிறதா. திறந்தவெளியில் பிடித்த தீ என்பதால் அதெல்லாம் இல்லை. "காயத்தக் கழுவுங்க," என்றார். நான் கழுவினேன். மாவு வந்தது, மசி லேசில் வரவில்லை. இடது கை வீங்க ஆரம்பித்திருந்ததால் கண்ணாடி வளையல்களை முதலில் உடைத்து எடுத்தேன். வாசலில் நின்ற மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"புருஷன் கல்லு மாதிரி நிக்கறப்ப வளையல ஒடைக்கிறியே, உன் கை வெளங்குமா?"

"வளையல் கடைத்தெருவுல கெடைக்கும். கை எங்கம்மா கெடைக்கும்?" என்றேன். வீங்கும் கையில் வளையல் இறுகினால் கீழே ரத்தம் போகாது. அதை நின்று விளக்க நேரமில்லை.

மசி போனபின் காயம் பேச ஆரம்பித்தது. கழுத்தும் கன்னமும் வெறும் சிவப்பு. வெயிலில் நின்றால் சிவக்குமே, அந்த மாதிரி. தொட்டால் எரியும், சில நாளில் தானே ஆறும். அதை டாக்டர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இடது கை, தொடை, மார்பின் பெரும்பகுதியில் கொப்புளம். உடைந்த இடத்தில் ஈரமான இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்தால் திரும்பச் சிவந்தது. அவள் கத்தினாள். கத்துவது நல்லது, அடியில் தோல் உயிரோடு இருக்கிறது, அங்கே நரம்பு வேலை செய்கிறது. ஆனால் இடது விலாவில், புடவை உருகி ஒட்டிய இடத்தில், உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு, மெழுகு மாதிரி வெள்ளை. காய்ந்த தோல்போல விறைப்பு. அழுத்தினால் நிறம் மாறவில்லை. டாக்டர் ஊசி முனையால் மெல்லக் குத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

வாசலில் மாமனார் பெருமூச்சு விட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஊரில் நாலு பேர் கேட்கிற ஆள். "அங்க ஆறிடிச்சு போல. மசி போட்டதுக்கு கேட்டுகிச்சு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அங்கே தோல் முழு ஆழத்துக்கும் செத்துப்போயிருந்தது. வலியைச் சொல்ல நரம்பே மிச்சமில்லை. கத்துகிற இடம் பிழைக்கும், சத்தமில்லாத இடம்தான் பயம். இது தெரியாமல் எத்தனை வீட்டில், "வலியே இல்லைன்னுட்டா" என்று நிம்மதியாகக் காபி குடித்திருப்பார்கள்.

டாக்டர் கணக்குப் போட்டார். ஒரு கை என்றால் உடம்பில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. ஒரு கால் பதினெட்டு. முன்பக்க உடம்பு பதினெட்டு. சிதறிக் கிடப்பதை அவளுடைய உள்ளங்கையால் அளந்தார், ஒரு உள்ளங்கை ஒரு பங்கு. எல்லாம் கூட்டி நூற்றுக்கு முப்பது. "எடை நாப்பத்தஞ்சு இருக்கும். எடையையும் முப்பதையும் பெருக்கி நாலால பெருக்குங்க. அத்தன மில்லி சலைன், மொத நாளைக்கு."

"அஞ்சு லிட்டருக்கு மேல சார்."

"பாதி, தீப்பட்டதுலேர்ந்து எட்டு மணி நேரத்துக்குள்ள போயாவணும். இங்க வந்ததுலேர்ந்து இல்ல. தீப்பட்டதுலேர்ந்து."

அதாவது மந்திரித்த நேரமும் மாட்டு வண்டி நேரமும் கணக்கில் சேரும். நாங்கள் பின்தங்கித்தான் ஆரம்பித்தோம். சலைன் ஏற்ற இரண்டு இடத்தில் ஊசி போட வேண்டியிருந்தது. காயம் படாத வலது கையில் ஒன்று கிடைத்தது, இன்னொன்றுக்கு ரத்தக் குழாயே எழும்பவில்லை. டாக்டர் கணுக்காலில் தோலைக் கீறிக் குழாயைத் தேடிப் பிடித்தார். ஸ்டோரில் பாட்டில் கம்மி. "எப்படியும் போற உசிருக்கு இத்தனை பாட்டிலா?" என்று ஸ்டோர்க்காரர் முனகினார். "போறப்ப உங்ககிட்ட சொல்லிட்டுப் போவச் சொல்றேன், இப்ப சாவியக் குடுங்க," என்றேன். மீதியை அவள் புருஷன் வெளியே மருந்துக் கடையில் வாங்கி, வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். வாயில்லாப் பூச்சி அவன். ஓடச் சொன்னால் ஓடுவான்.

மூத்திரத்துக்குக் குழாய் போட்டு, கீழே கண்ணாடிப் பாட்டில் வைத்தோம். முதலில் வந்தது பாட்டிலின் அடியை மறைக்கிற அளவுதான். நிறம், நேரமாகிக் கறுத்துப்போன டீ. டாக்டர் பார்த்துவிட்டுச் சொட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். அந்தக் கொஞ்சத்தை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி என் மேஜையில் வைத்தேன், அடுத்தடுத்து வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்க. அவள் "தண்ணி, தண்ணி" என்றாள். மடமடவென்று குடித்தால் வாந்திதான் வரும், குடல் அப்போது வேலை செய்யாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். உடம்பைச் சுத்தமான துணியால் மூடி, சில்லிட்டுப்போகாமல் மேலே கம்பளி போர்த்தினேன். தீயின் சூட்டை வாய்க்கால் எடுத்துவிட்டது, இனி உடம்புச் சூடு போகக் கூடாது.

பெரிய மருமகளை அன்று சாயங்காலம்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில், கிளாஸ் கழுவுகிற குழாயடியில் குந்தியிருந்தாள். புடவை முழுக்கச் சேறு. இரண்டு உள்ளங்கையையும் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"உள்ள வரவேண்டியதுதானே? இத யாரும் பாக்கலியா?"

"வரக்கூடாதுன்னுட்டாங்க. நான்தான் தண்ணில தள்ளிக் கொன்னுட்டேன்னு மாமா சொல்றாருங்க. அவ பொழைக்கலன்னா என்னை வூட்ல சேக்கமாட்டாங்களாம். போலீஸ்லயும் எழுதிக் குடுப்பாராம்."

"தண்ணில போடணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. எங்கப்பா தேரடிகிட்ட ஓட்டல்ல சரக்கு மாஸ்டரு. அங்க யாருக்கு எண்ண தெறிச்சாலும் மொதல்ல பைப்புல கைய நீட்டுவாங்க. எரியுறது அடங்குற வரைக்கும் எடுக்கமாட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தப்பா சிஸ்டர்?"

"தப்பா? தீ அணைஞ்சாலும் சதைக்குள்ள சூடு நின்னு வேகும்மா. சட்டிய எறக்கி வச்ச அப்பாலும் கொழம்பு கொதிக்குமே, அது மாதிரி. ஓடுற தண்ணி அந்தச் சூட்ட எடுத்துகினு போவும். ஒரு இருவது நிமிஷம் வச்சிருந்தா ஆழம் கொறையும். அந்தக் கையி, தொடை எல்லாம் உசிரோட கீதுன்னா உன்னாலதான்."

அவள் நம்பவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு நர்ஸ் சொன்னால் போதுமா, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் கைக்கு மருந்து போட்டு, மெல்லிய துணி சுற்றி, அம்மா வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில்தான் கலவரம். கட்டிலில் கிடந்தவளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் இரண்டும் மூடி, உதடு தடித்து. பெற்றவளே அடையாளம் காணமாட்டாள். எங்களுக்கு அது எதிர்பார்த்ததுதான். அந்தக் குடும்பத்துக்கு அது தீர்ப்பு.

நான் பக்கத்துக் கட்டிலுக்குக் கட்டு மாற்றிவிட்டுத் திரும்பினால், சொட்டு நின்றிருந்தது. மாமனார் கிளிப்பை இறுக்கி மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றார், கையில் துண்டு, பின்னால் மகன்.

"இன்னா பெரியவரே, இத யாரு மூடினா?"

"நான்தான் மூடனேன். நேத்துலேர்ந்து பாட்டில் பாட்டிலா தண்ணிய ஏத்திகினு கீறீங்க. பெரியவ வாய்க்கால்ல முக்கினா, நீங்க உள்ள ஊத்துறீங்க. புள்ள ஊதிப் போச்சு பாரு. ஜாஸ்தியா போயி வழியுது. கையெழுத்துப் போட்டுட்டு இட்டுகினு போறோம். எங்க பக்கத்துல எண்ண வைத்தியர் கீறாரு."

நான் முதலில் கிளிப்பைத் திறந்தேன். சொட்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் திரும்பினேன். அவருக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றுகொண்டேன். எனக்கு அப்போது முப்பது வயசுகூட இல்லை, அவர் தோள் உயரம்தான் இருப்பேன்.

"உங்களுக்கு எத்தினி ஏக்கர்?" என்று கேட்டேன்.

அவர் முழித்தார். "அது எதுக்கு?"

"பம்புசெட்டுப் போட்டா கடைசிப் பாத்திக்குத் தண்ணி போச்சான்னு பாப்பீங்களா, மாட்டீங்களா?"

"பாக்காம?"

"வரப்பு பூரா எலி வளைன்னு வச்சிக்கங்க. தண்ணி வழியில கசிஞ்சு பக்கத்து மேடெல்லாம் சொதசொதன்னு ஆயிடும். கடைசிப் பாத்தி காஞ்சு கெடக்கும். அப்ப மேடு ஈரமா கீதுன்னு மோட்டார நிறுத்துவீங்களா? நிறுத்தினா பயிரு இன்னா ஆவும்?"

அவர் சொட்டு விழுவதைப் பார்த்தார்.

"தீ பட்டதுல இவ ரத்தக் குழாயெல்லாம் அப்படித்தான் ஓட்ட வுட்டிருக்கு. ரத்தத்துல கீற தண்ணி சதைக்குள்ள கசியுது. அதான் வீக்கம். உள்ள ரத்தம் கம்மியாயி, கெட்டியா போவுது. நாடி ஓடுறது பாருங்க, கையால தொட்டே பாக்கலாம். கடைசிப் பாத்தி இன்னா தெரியுமா? சிறுநீரகம். அங்க தண்ணி போவலன்னா இன்னிக்கே முடிஞ்சுது. தீயால சாவமாட்டா. தண்ணி பத்தாம சாவா."

பிறகு என் மேஜையிலிருந்த சின்னப் புட்டியையும், கட்டிலடியில் இருந்த பெரிய பாட்டிலையும் எடுத்து வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மூத்திரம்தான். அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் ஒரு அடி முன்னால் போனேன்.

"இது நேத்து மத்தியானம் வந்தது. கறுப்பா, சொட்டு. இது இன்னிக்குக் காலையில வந்தது. வைக்கோல் நெறத்துல கீதா? அளவு பாருங்க. கடைசிப் பாத்திக்கு இப்பதான் தண்ணி எட்டியிருக்கு. இப்ப மோட்டார நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா கொன்னது யாருன்னு அப்பால ஊர் கேட்டா, உங்க பெரிய மருமவ பேர் சொல்லக்கூடாது. நான் சொல்லவுடமாட்டேன்."

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்போது கட்டிலிலிருந்து, அந்தத் தடித்த உதட்டுக்குள்ளிருந்து, குழறிக் குழறி ஒரு குரல் வந்தது.

"நான் வரல. இங்கியே இருக்கறேன்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தோற்றுப்போனேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்டுக்கொள்ள எனக்கும் நேரமில்லை, அடுத்த பாட்டில் மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு மூன்று நாளில் கசிந்த தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்ப வந்தது. பாட்டில் பாட்டிலாக மூத்திரம் போனது, முகம் வற்றியது, கண் திறந்தது. அடுத்த பயம் சீழ். புண் துணியில் ஒட்டாமல் இருக்க, அவித்துச் சுத்தம் செய்த வாழையிலையில்தான் அவளைக் கிடத்துவோம். ஒரு காலை, வார்டு வாசலில் ஒரு கட்டு வாழையிலை கிடந்தது. யார் வைத்தது என்று ஆயா சொன்னாள். மறுநாளும் கிடந்தது. அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. நானும் மாமனாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கொப்புளம் கண்ட இடமெல்லாம் தானாகத் தோல் மூடியது. வாய்க்கால் தண்ணீரில் கிடந்த கை முதலில் ஆறியது. விலாவில் அந்த வெள்ளை இடம் மட்டும் ஆறாது, அங்கே முளைக்க வேரே இல்லை. வேலூருக்கு அனுப்பி, நல்ல தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். திரும்பி எங்களிடம் வந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆறிய தோல் இறுகாமல் இருக்கக் கையை நீட்டி மடக்கச் சொன்னால், திட்டிக்கொண்டே செய்வாள். என்னைத்தான் திட்டுவாள். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்குப் போகிற நாளில் மாமனாரும் புருஷனும் வந்தார்கள். மாமியார் புது வளையல் கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"அக்கா எங்க?"

"அவ அவங்க அம்மா வூட்ல கீறா," என்றார் மாமனார்.

"இத்தினி மாசமாவா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவங்கள இட்டுகினு வாங்க மாமா. நீங்களே போய் இட்டாங்க. அவங்க வந்தாத்தான் நான் எறங்குவேன். இல்லன்னா சிஸ்டர் வூட்ல பாத்திரம் கழுவிகினு இருந்துடறேன்."

"என் வூட்ல பாத்திரம் கம்மி," என்றேன். அவள் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனார். தேரடித் தெரு பக்கம்தான். போனவர் வர நேரமானது. நான் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். கடைசியில் அவர் முன்னால் வர, பெரியவள் பத்தடி பின்னால் வந்தாள். அவளுடைய துணி மூட்டை அவர் கையில் இருந்தது. உள்ளங்கை இரண்டும் புதுத்தோலில் பளபளத்தன. வார்டு வாசற்படியில் அவள் நின்றுவிட்டாள், முன்பு வரக்கூடாதென்று சொன்ன அதே படி.

மாமனார் திரும்பிப் பார்த்தார். வார்டில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தண்ணில தள்ளினது இவதான்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன்," என்றார். "இனிமேயும் அதையேதான் சொல்லப்போறேன்."

பெரியவள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"சொல்லுங்க மாமா," என்றாள். "சத்தமா சொல்லுங்க."